மோந்து பார்த்த புண்ணாக்கு

பன்னிரண்டு நாள் அவள் கடையில் இல்லை. மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தவள் பதிமூன்றாம் நாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையை வீட்டு வாசலுக்குள் தள்ளிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் தங்கையின் வாத்துக் கொட்டகைக்கு நடந்தாள். முந்தின நாள் போனில் தங்கை அழுத அழுகை அப்படி.

கொட்டகை வாசலில் ஒரு சாக்கு விரித்திருந்தது. அதன் மேல் செத்த குஞ்சுகள். மூன்று வாரக் குஞ்சுகள், இன்னும் மஞ்சள் மாறாதவை. எல்லாவற்றுக்கும் தலை முதுகுப் பக்கமாக வளைந்திருந்தது. கால்கள் பின்னால் விறைத்து நீண்டிருந்தன. அவள் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். காலும் சவ்வும் ஆரஞ்சாக இருக்க வேண்டிய இடத்தில் நாவல் பழம் நசுங்கினாற்போல ஊதா நிறம்.

"எப்பலேருந்துடி?"

"நாலு நாளா சாவுதுக்கா. அதுக்கு முன்னாடியே சரியா தீனி எடுக்கல. ஒண்ணோட றெக்கைய ஒண்ணு கொத்திக்கிட்டு கெடந்துச்சு. குளிருதோ என்னவோன்னு சுத்தி சாக்கு கட்டினேன். பாதிக்கு மேல போயிடுச்சு."

"நேத்து வரைக்கும் ஏன் சொல்லல?"

"பிரசவ வீட்டுல இருக்கிறவகிட்ட போயி வாத்து செத்துப்போச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

உள்ளே மிச்சம் இருந்த குஞ்சுகள் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. ஒன்று எழுந்து நாலடி வைத்து, குடித்தவன் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. தங்கை ஓடிப்போய் அதை நிமிர்த்தினாள். அது மறுபடியும் விழுந்தது. தங்கை மறுபடியும் நிமிர்த்தினாள்.

"போன வாரம் சந்தையில இருபது குஞ்சு வாங்கிட்டு வந்து இதுங்களோட விட்டேன்க்கா. அதுலேருந்துதான் வந்திருக்கும். இவரும் அதைத்தான் சொல்றாரு. வெலை குடுத்து வியாதிய வாங்கிட்டு வந்திருக்கேன்னு. நேத்து பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லிட்டாரு. என் கைராசி அப்படி."

கைராசியைப் பற்றிச் சொன்னபோது தங்கையின் குரல் உடைந்துவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லாதவள். அந்த வீட்டில் எது வாடினாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்.

அவள் சுற்றும் பார்த்தாள். கொட்டகைத் தூணோரம் மூடி போட்ட தகர டிரம் இருந்தது. மூடியைத் திறந்தாள். கையை உள்ளே விடுவதற்கு முன்பே வாடை எழும்பி வந்தது. நனைந்த துணியைப் பெட்டிக்குள் வைத்து மறந்துவிட்டு ஒரு மாதம் கழித்துத் திறந்தால் வருமே, அந்த வாடை. அதற்கு அடியில் லேசான கசப்பு.

"இது எங்கேருந்து?"

"கேக்குற கேள்வியப் பாரு. மாமா கடைச் சரக்குதான். நீ ஊருக்குப் போன மறுநாள் புதுசா வந்ததுன்னு குடுத்தாரு. கடலப் புண்ணாக்க இடிச்சு, ஊறவச்சு, சோள நொய்யும் தவிடும் போட்டு எப்பவும் பிசையற மாதிரிதான் பிசைஞ்சேன்."

"வாடை அடிக்குதே. உனக்குத் தெரியலையா?"

தங்கை சற்று யோசித்தாள். "மொத நாளு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. வெயில்ல பரப்பி காயவச்சேன், கொறஞ்சுது. அப்புறம் மாமா மோந்து பாத்த சரக்காச்சே, நம்ம மூக்குதான் கோளாறுன்னு விட்டுட்டேன்."

அவள் டிரம்மை மூடினாள். "இதை இனிமே ஒரு பிடிகூடப் போடாத. சோறு வடிச்சுப் போடு."

"மாமாகிட்ட போன்ல கேட்டேனே. நல்ல சரக்கு, தைரியமா போடுன்னாரு."

அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

*

அவள் புருஷனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூக்குக்காரர் என்றால்தான் தெரியும். மாட்டுத் தீவனம், தவிடு, புண்ணாக்கு விற்கிற கடைகள் அந்தத் தெருவில் நாலைந்து இருந்தும் இவர் கடையில் மட்டும் கூட்டம் நின்றதற்கு அந்த மூக்குதான் காரணம். லாரியில் வந்த மூட்டையில் ஒன்றைப் பிரித்து, ஒரு துண்டை இரண்டாக ஒடித்து, கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகே பிடிப்பார். நாற்பது மூட்டையில் மூன்று மூட்டை ஈரம் பட்டது என்றால் அந்த மூன்றைக் காட்டிக் கொடுப்பார். எண்ணெய் ஆலைக்காரர்கள் அவரிடம் வாலாட்டுவதில்லை. "அவருக்குப் பொண்ணு பாக்கப் போனப்பகூட பொண்ண பாக்கலையாம், மோந்துதான் பாத்தாராம்" என்று கடைக்கு வாடிக்கையான பால்காரர் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. சளி, தலைவலி, பத்து நாள் படுக்கை. எழுந்து கடைக்கு வந்த வாரத்தில் ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, வீடு முழுக்கக் கருகல் வாடை. அவர் அடுப்படிக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து முதுகைத் திருப்பிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தெருவிலிருந்து ஓடி வந்த அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு பேப்பரைப் பார்த்தார். அவள் பாத்திரத்தைத் தேய்க்க எடுத்துப் போனாள்.

அடுத்த லாரி வந்த அன்று அவள் மூட்டைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். அவர் துண்டை ஒடித்து மூக்கருகே பிடித்தார், கண்ணை மூடினார். வழக்கத்தைவிட அதிக நேரம் மூடியிருந்தார். அவளும் ஒரு துண்டை எடுத்து, யாரும் பார்க்காமல் முகர்ந்தாள். நன்றாக இருந்தது. "எடை போடவா?" என்று கேட்டாள். அவர் கண்ணைத் திறந்து, "போடு" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சரக்கு நன்றாக இருந்தால் எடை போடவா என்று கேட்பாள். கெட்டிருந்தால் கேட்கமாட்டாள். அவர் கொஞ்சம் காத்திருப்பார். அவள் வாய் திறக்காவிட்டால் துண்டைக் கீழே போட்டு, "இது ஆகாதுப்பா, திருப்பி எடுத்துட்டுப் போ" என்பார். ஆறு மாதத்தில் கெட்ட மூட்டை ஒன்றுகூடத் தப்பவில்லை. வெளியிலும் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில், இரண்டு பேரும் தனியாக இருக்கும்போதும், அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை, அவளும் எடுத்ததில்லை. குழம்பு கொதிக்கும்போது "வாசனை தூக்குதே" என்பார். சில நாள் குழம்பே வைத்திருக்க மாட்டாள், வெறும் தண்ணீர்தான் கொதிக்கும். "ஆமாங்க" என்பாள்.

மகளுக்கு நாள் நெருங்கியபோது, "சரக்கு எதுவும் எடுக்காதீங்க, நான் வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

*

கிடங்கில் மூட்டைகள் எப்போதும் போலப் பலகை மேல்தான் அடுக்கியிருந்தன, சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. அந்த விஷயத்தில் அவர் கில்லாடி. அவள் அடி மூட்டையின் தையலைப் பிரித்துக் கையை முழங்கை வரை விட்டாள். மேலே காய்ந்து சொரசொரவென்றிருந்தது. உள்ளே போகப் போக வெதுவெதுப்பு. காய்ச்சல்காரன் அக்குளில் கைவைத்தாற்போல. கட்டியாக ஒன்றைப் பிடுங்கி ஒடித்தாள். ஒடிந்த இடத்தில் விரிசல் ஓரமாகச் சாம்பலும் பச்சையுமாக மெல்லிய தூள். வாடை சொல்லவே வேண்டாம்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"குழந்தை எப்படி இருக்கு?" என்றார் அவர்.

"நல்லாருக்கு. உங்க நெத்தி."

அவர் சிரித்தார். அவள் கையில் இருந்த துண்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஆலைக்காரன் லாரியோட வந்து நின்னுட்டான். வழியில மழையாம், தார்ப்பாய் போட்டுத்தான் வந்தானாம். அஞ்சாறு பேரு சுத்தி நின்னாங்க, பால்காரர், சகலை எல்லாரும். மோந்து பாருங்கன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நீ இல்ல."

"அப்புறமா வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கலாமே."

"ஏன்னு கேப்பாங்களே."

அவள் துண்டை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். "கெட்டிருக்குங்க. உள்ள சுடுது, கையை வச்சுப் பாருங்க."

அவர் கையை வைக்கவில்லை. "ஆடுங்க இதைத்தான் தின்னுது. சகலை வீட்டு ஆடுங்க. ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல. புண்ணாக்குல இருந்தா அதுங்களுக்கும் வரணும்ல? அவ சந்தையிலேருந்து வியாதி கொண்டாந்திருக்கா. எல்லாருந்தான் சொல்றாங்க."

"என் தங்கச்சிங்க அவ."

அவர் மூட்டைகளைப் பார்த்தபடி நின்றார். சட்டைப் பொத்தானை அவிழ்த்து மறுபடி போட்டார். "மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா கொட்டகைக்கு வந்திருக்காங்களாம். வா, போலாம்" என்றார்.

*

டாக்டரம்மா சின்னப் பெண். கொட்டகை வாசலில் குந்தி உட்கார்ந்து, ரப்பர் உறை மாட்டிய கையால் ஒரு குஞ்சின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். தங்கையும் அவள் புருஷனும் நின்றிருந்தார்கள். பால்காரரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்திருந்தார். தன் கன்றுக்குட்டி தீனி எடுக்காமல் மந்தமாக நிற்கிறது என்று, டாக்டரம்மா இங்கே வந்திருப்பது தெரிந்து கையோடு கூட்டிப்போகக் காத்திருந்தார்.

"ஈரல் பாருங்க" என்றாள் டாக்டரம்மா. கருஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிப்போய், வீங்கி, நடுவில் நடுவில் ரத்தப் புள்ளிகளோடு இருந்தது. "ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, குஞ்சுகளுக்கு வர்ற வைரஸ். அதுலயும் தலை இப்படித்தான் திரும்பும். ஆனா அது வந்தா நல்லா இருக்கிற குஞ்சு திடீர்னு விழும். இதுங்க ஒரு வாரமா தீனி எடுக்காம தேஞ்சிருக்கு. எனக்கென்னமோ தீவனத்து மேலதான் சந்தேகம். பூஞ்சை பிடிச்ச புண்ணாக்கு, சோளம். அதுல ஒரு விஷம் உண்டாகும்."

"அதுக்கு வழியே இல்ல" என்றார் தங்கையின் புருஷன். "மூக்குக்காரர் கடைச் சரக்கு. வேற எவன்கிட்டயாவது வாங்கியிருந்தா நீங்க சொல்றது சரி. எங்க அண்ணன் மோந்து பாக்காம ஒரு தூசி வெளிய போகாது."

"அதே புண்ணாக்க எங்க ஆடுங்களும் தின்னுது" என்றாள் தங்கை மெதுவாக. தன் மேல் உள்ள பழியைத் தானே இறுக்கிக் கட்டுகிற மாதிரி.

"ஆடு தாங்கும். பெரிய ஆடு நிறையவே தாங்கும்" என்றாள் டாக்டரம்மா. "எல்லாத்துலயும் மொதல்ல சாகிறது வாத்துக்குஞ்சு. அடுத்து வான்கோழிக் குஞ்சு, பன்னிக்குட்டி, கன்னுக்குட்டி. பெரிய மாடு நின்னு தின்னும், வெளிய தெரியாது. ஆனா பால்ல இறங்கும்."

பால்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் அந்த லோடுலதான் வாங்கினேன். பசுவுக்கும் போடறேன், கன்னுக்கும் போடறேன். காய்ச்சித்தானே குடிக்கிறாங்க பாலை?"

"காய்ச்சினா போகாது. வெயில்ல வச்சாலும் போகாது. வெயில் பூஞ்சையைக் காயவைக்கும், விஷத்தைக் காயவைக்காது. கழுவினாலும் அப்படித்தான். அந்த விஷத்துக்குத் தனியா வாசனையும் கிடையாது. பூஞ்சைக்குத்தான் வாடை. பரிசோதனைக்கு அனுப்பறேன், ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் அந்த லோடு மொத்தத்தையும் நிறுத்திட்டா நல்லது."

"ஒரு வாரம் மாட்டை வேடிக்கை பாக்க வைக்கச் சொல்றீங்களா? சந்தேகம் இருந்தா நிறுத்தலாம்" என்றார் பால்காரர். "இங்க சந்தேகமே இல்லையே. ஆளு பக்கத்துலதான நிக்கிறாரு. எதுக்கு ஒரு வாரம், இப்பவே ரிசல்ட் வாங்கிக்கலாம்."

அவர் டிரம்மிலிருந்து ஒரு கட்டியை எடுத்து மூக்குக்காரர் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் அதை ஒடித்தார். மூக்கருகே பிடித்தார். கண்ணை மூடினார். கொட்டகைக்குள் ஒரு குஞ்சு கீச்சிட்டு அடங்கியது.

அவர் காத்திருந்தார். அவள் மூன்றடி தள்ளி நின்றாள். அங்கிருந்தே வாடை அவளுக்கு எட்டியது. வாயைத் திறக்கவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். "கெட்டிருக்கு" என்றார்.

நல்லவேளை, முடிந்தது என்று அவள் நினைத்தாள். டாக்டரம்மாவும் தலையாட்டினாள். ஆனால் பால்காரர் முகம் மாறியதையும், சகலையின் வாய் பாதி திறந்தபடி நின்றதையும் அவர் பார்த்துவிட்டார்.

"கடையிலேருந்து வர்றப்ப நல்லா இருந்துச்சு" என்றார் அவசரமாக. "நானே மோந்து பாத்துத்தானே குடுத்தேன். இங்க வந்துதான் கெட்டிருக்கு. மண் தரை. அடியில ஒரு பலகைகூட இல்ல பாருங்க."

எல்லாரும் டிரம்மின் அடியைப் பார்த்தார்கள். தரை ஈரமாகத்தான் இருந்தது. வாத்துத் தண்ணீர் கொட்டுகிற இடம்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் தங்கையின் புருஷன். "டிரம்மைத் தூக்கி மேல வைடின்னு. எது சொன்னாலும் இவ காதுல ஏறினாத்தானே? கைய வச்சதெல்லாம் வெளங்குதா பாருங்க. அத்தனையும் இவளே கொன்னுருக்கா."

"ஆமா மாமா, நான்தான்" என்றாள் தங்கை. அவள் மூக்குக்காரரைப் பார்த்துத்தான் சொன்னாள், மன்னிப்புக் கேட்கிறவள் போல. "உங்க சரக்கைப் போயி சந்தேகப்பட்டுட்டோம்."

அவர் தரையைப் பார்த்தார்.

"அப்ப என் வீட்டு மூட்டை பலகை மேலதான் இருக்கு" என்றார் பால்காரர். முகத்தில் தெளிவு வந்துவிட்டது. "கன்னுக்குட்டிக்கு வேற எதாவது மந்தமா இருக்கும். வாங்க டாக்டரம்மா. அண்ணே, சாயங்காலம் இன்னும் ரெண்டு மூட்டை எடுத்துக்கறேன், வச்சிருங்க."

"கடையில இருக்கிறதும் கெட்டிருக்கு" என்றாள் அவள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"காலையில நான் பாத்தேன். உள்ள கைவச்சா சுடுது. ஒடிச்சா பச்சையா இருக்கு. யாரும் போடாதீங்க, மாட்டுக்கும் போடாதீங்க."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. முதலில் அவர்தான் சிரித்தார். அவர் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

"பன்னெண்டு நாளு ஆஸ்பத்திரி மருந்து வாடையில கெடந்துட்டு வந்திருக்கா. அவளுக்கு இப்ப சோறும் நாறும், சாம்பிராணியும் நாறும்."

பால்காரர் இதற்காகவே பிறந்தவர்போலச் சிரித்தார். தங்கையின் புருஷனும் சிரித்தார். "அண்ணி, அண்ணன் மூக்குக்கு முன்னாடி உங்க மூக்கு எம்மாத்திரம்? எண்ணெய் ஆலைக்காரனே பயப்படற மூக்கு அது."

"அம்மா சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்றாள் டாக்டரம்மா.

"கேக்கறோம், கேக்கறோம். ஆனா ரெண்டு மூக்கும் ரெண்டு விதமா சொன்னா, எந்த மூக்கை நம்பறது?" என்றார் பால்காரர் சைக்கிளை நிமிர்த்தியபடி.

தங்கை கொட்டகைக்குள் போயிருந்தாள். விழுந்து கிடந்த குஞ்சை எடுத்து மடியில் வைத்து, அதன் தலையை நேராக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை எடுத்ததும் தலை பின்னால் போனது.

அவள் மூக்குக்காரரைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு உதட்டில் மட்டும் மிச்சம் இருந்தது. கண்ணில் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. வேண்டாம் என்று தலையை இத்தனூண்டு அசைத்தார். மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பால்காரர் பெடலில் காலை வைத்தார்.

"அவருக்கு வாசனை தெரியாது" என்றாள் அவள். "காய்ச்சல் வந்ததுலேருந்து, ஆறு மாசமா, எதுவுமே தெரியாது."